கடைசி இடத்துக்கு ஒரு போட்டி

2015 டிசம்பர் 15-ம் தேதி ஐ.பி.எல்.லில் ஒரு விசித்திரமான கூட்டம் நடந்தது. சென்னையும் ராஜஸ்தானும் இரண்டு ஆண்டுத் தடையில் இருந்தன. அவற்றின் இடத்துக்குப் புதிதாக வந்த புணே, ராஜ்கோட் அணிகள் அந்த இரு அணிகளின் முக்கிய வீரர்களை மாறி மாறித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏலம் கிடையாது, விலையும் முன்பே நிர்ணயம் ஆகியிருந்தது. ஆக, யார் முதலில் வாய் திறப்பது என்பதுதான் கேள்வி. அந்த உரிமை புணேவுக்குக் கிடைத்தது. அது டோனி என்றது. ராஜ்கோட் ரெய்னா என்றது. புணே ரஹானேயை எடுத்தது, ராஜ்கோட் ஜடேஜாவை எடுத்தது, புணே அஸ்வினை எடுத்தது. சேப்பாக்கத்து ரசிகர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த நிகழ்ச்சிக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர்.

நம் ஊருக்கு அது ஒருநாள் கூத்து. அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் ஆண்டுதோறும் புது வீரர்கள் அணிகளுக்குள் வருவதே இந்த வழியில்தான். கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கின்றன. எடுக்கப்பட்ட வீரர் 'எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை' என்று சொல்லி வேறு அணிக்குப் போய்விட முடியாது. வரிசையில் யார் முன்னால் நிற்பது? போன ஆண்டு யார் மோசமாகத் தோற்றார்களோ அவர்கள். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-ல் அமெரிக்கக் கால்பந்துக்கு இந்த யோசனையைச் சொன்னார். 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. பணக்கார அணிகளே எல்லா நல்ல வீரர்களையும் வாரிக்கொண்டு போனால் மற்ற அணிகளின் கடை காலியாகிவிடும், கடை காலியானால் போட்டியே இருக்காது என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் கடைசியில் வருபவனுக்கு முதல் பரிசு என்று எழுதி வைத்துவிட்டால், கடைசியில் வருவதற்கும் ஆள் வரத்தானே செய்வார்கள்? அமெரிக்கர்கள் இதை 'டேங்கிங்' என்கிறார்கள். வேண்டுமென்றே தோற்பது. இதைத் தடுக்க வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. நாற்பது ஆண்டுகளாகக் குலுக்கல் சீட்டை நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை பலித்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். முதல் இடத்துக்காக ஒரு சீசனையே பலி கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்தே பேர். கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் எவ்வளவு பெரியவரானாலும் அவுட் ஆனால் பெவிலியனில் உட்கார வேண்டும். கூடைப்பந்தில் நட்சத்திர வீரர் 48 நிமிட ஆட்டத்தில் 36 நிமிடம், 38 நிமிடம் களத்திலேயே இருப்பார். பந்து பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கும். அதனால் ஒரே ஒருவர் அணியின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறார். அப்படிப்பட்டவர் ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. வரும் ஆண்டில் அவர் வரிசையின் தலையிலேயே போய்விடுவார். முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள தூரம் பன்னிரண்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியதாக இருப்பது இதனால்தான். ஏணியின் மேல்படிகள் ஒவ்வொன்றும் ஆள் உயரம், கீழ்ப்படிகள் சாண் உயரம்.

இரண்டாவது காரணம் சம்பளம். 1994-ல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன் ஒரு பந்துகூட ஆடாமல் பத்து ஆண்டுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். பழைய வீரர்களுக்கும் வயிற்றெரிச்சல், முதலாளிகளுக்கும் வயிற்றெரிச்சல். மறு ஆண்டே புதியவர்களுக்கு இடவாரியாகச் சம்பளப் பட்டியல் போட்டுவிட்டார்கள். இன்று முதல் இடத்தில் வருபவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் அந்தப் பட்டியலை ஒட்டித்தான் வாங்க முடியும். 2023-ல் சான் அன்டோனியோ எடுத்த பிரெஞ்சு வீரர் விக்டர் வெம்பன்யாமாவுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 5.5 கோடி டாலர். அதே சீசனில் ஸ்டீபன் கரி ஒரே ஆண்டுக்கு வாங்கியது சுமார் 5.2 கோடி. சந்தையில் ஐந்து ரூபாய் விலை போகும் சரக்கு ஒன்றேகால் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், கடைக்காரர் யாராக இருந்தாலும் வரிசையில் முந்தத்தான் பார்ப்பார்.

ஆனால் இது உறுதியான சரக்கு அல்ல. 2013-ல் கிளீவ்லேண்ட் முதல் இடத்தில் எடுத்த ஆந்தனி பென்னெட் நான்கே சீசனில் லீக்கை விட்டுப் போனார். அதே டிராஃப்டில் பதினைந்தாவதாக எடுக்கப்பட்ட யானிஸ் அன்டெடொகூன்போ பின்னாளில் இரண்டு முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். மறு ஆண்டு 41-வது இடத்தில் போனவர் நிகோலா யோகிச், அவர் வாங்கியது மூன்று முறை. ஆக, முதல் இடம் என்பது நட்சத்திரம் அல்ல, நட்சத்திரத்துக்கான நல்ல வாய்ப்பு. அந்த வாய்ப்புக்கே அணிகள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்க்க 1984-க்குப் போக வேண்டும்.

அப்போது குலுக்கல் கிடையாது. கிழக்குப் பிரிவில் கடைசி அணி, மேற்குப் பிரிவில் கடைசி அணி என்று இரண்டே அணிகளுக்கிடையே நாணயம் சுண்டுவார்கள். ஜெயித்தவருக்கு முதல் இடம், தோற்றவருக்கு இரண்டாம் இடம். அந்த ஆண்டு கல்லூரியிலிருந்து வரவிருந்தவர்களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் அக்கீம் ஒலாஜுவான் இருந்தார். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு அவர் உள்ளூர்ப் பிள்ளை மாதிரி. சீசனின் கடைசி வாரங்களில் அந்த அணி வரிசையாகத் தோற்கத் தொடங்கியது. ஓய்வு பெறும் நிலையில் இருந்த 38 வயது எல்வின் ஹேஸை ஓர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட முழுநேரமும் களத்தில் நிற்க வைத்தார்கள். இளைஞர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, முன்னாள் நட்சத்திரம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினார்.

சீசன் முடிந்தபோது ஹூஸ்டன் கணக்கில் 29 வெற்றி, 53 தோல்வி. மேற்கில் அதற்கு அடுத்து நின்ற சான் டியேகோ கிளிப்பர்ஸ் கணக்கில் 30 வெற்றி, 52 தோல்வி. ஒரே ஒரு தோல்வி வித்தியாசம். நாணயம் சுண்டும் மேடைக்கு ஹூஸ்டன் போனது அந்த ஒரு தோல்வியால்தான். நாணயமும் அவர்கள் பக்கமே விழுந்தது. ஒலாஜுவான் வந்தார், பத்து ஆண்டு கழித்து 1994-லும் 1995-லும் அந்த ஊருக்குச் சாம்பியன் பட்டம் வந்தது. நாணயத்தில் தோற்ற போர்ட்லேண்ட் சாம் போவி என்பவரை எடுத்தது. மூன்றாவதாக நின்ற சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டானை. சிகாகோ அந்த ஆண்டு 27 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது, ஹூஸ்டனைவிடக் குறைவு. கிழக்கில் அதைவிட மோசமாக இன்னொரு அணி இருந்ததால் நாணயத்துக்குத் தகுதி பெறவில்லை. நன்றாகத் தோற்கத் தெரியாததால் அவர்களுக்குக் கிடைத்த தண்டனை ஜோர்டான்.

ஹூஸ்டன் வேண்டுமென்றே தோற்றதா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. மறு ஆண்டே, 1985-ல், லீக் விதியை மாற்றியது. பிளே ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளின் பெயரையும் ஏழு உறைகளில் போட்டு, உருளையில் சுற்றி, ஒவ்வொன்றாக எடுப்பது என்று முடிவானது. ஏழு பேருக்கும் சமவாய்ப்பு. லாட்டரியை 2003-லேயே தடை செய்துவிட்ட தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அங்கே அதுதான் நியாயத்தின் காவலன்.

முதல் குலுக்கல் நியூயார்க்கில் நடந்தது. முதல் உறை நியூயார்க் நிக்ஸுக்கே விழுந்தது. பேட்ரிக் யூயிங் என்ற பெரும் வீரர் லீக்கின் பெரிய சந்தைக்கே போய்ச் சேர்ந்தார். அந்த உறையை மட்டும் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள், தொட்டுப் பார்த்தே எடுத்தார்கள் என்ற கதை இன்றுவரை ஓடுகிறது. ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. இன்னொரு விஷயம் அந்தக் கதையைவிட முக்கியமானது. லீக்கிலேயே மிக மோசமாக ஆடியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, 22 வெற்றி மட்டுமே பெற்றிருந்தது, குலுக்கலில் ஏழாவது இடத்துக்குப் போய்விட்டது. நிஜமாகவே நோய்வாய்ப்பட்டவருக்கு மருந்து கிடைக்கவில்லை.

இந்த ஊசலாட்டம்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் மூலம். வாய்ப்பைச் சமமாக்கினால் தோற்பதில் லாபம் இல்லை, ஆனால் பலவீனமான அணிக்கு உதவியும் இல்லை. மோசமான அணிக்கு அதிக வாய்ப்பு கொடுத்தால் உதவி கிடைக்கிறது, கூடவே தோற்பதற்குக் கூலியும் கிடைக்கிறது. உதவியும் கூலியும் ஒரே காசின் இரு பக்கங்கள். ஒன்றை மட்டும் தனியாக எடுக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

1990-ல் லீக் கூலிப் பக்கம் சாய்ந்தது. 66 பந்துகளில் மோசமான அணிக்கு 11, அடுத்ததற்கு 10 என்று குறைந்துகொண்டே போய், ஓரளவு நல்ல அணிக்கு ஒரே ஒரு பந்து. 1993-ல் அந்த ஒற்றைப் பந்து வைத்திருந்தது ஆர்லாண்டோ. 41 வெற்றி, 41 தோல்வி, ஏற்கெனவே முந்தைய ஆண்டு குலுக்கலில் ஷகீல் ஓ'நீலை வாங்கிய அணி. அந்தப் பந்தே வெளியே வந்தது. மறுபடி கூச்சல். 1994-ல் மோசமான அணிக்கு 25 சதவீத வாய்ப்பு என்று உயர்த்தினார்கள்.

பொருளாதார ஆய்வாளர்களுக்கு இந்த விதிமாற்றங்கள் கிடைத்தற்கரிய சோதனைச்சாலை. ஆட்டம் ஒன்றே, லீக் ஒன்றே, மாறியது பரிசு விதி மட்டும். பெக் டெய்லர், ஜஸ்டின் டிராக்டன் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று சீசன்களை எடுத்துக்கொண்டார்கள். நாணயம் சுண்டிய 1983-84, சமவாய்ப்புக் குலுக்கலின் 1984-85, மோசமான அணிக்கு அதிகப் பந்து கொடுத்த 1989-90. பிளே ஆஃப் வாய்ப்பு போன பிறகு ஓர் அணி தோற்பது, அதன் திறமையை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாகிறதா என்று பார்த்தார்கள். முதல் சீசனில் அதிகமானது. சமவாய்ப்பு சீசனில் அந்த அதிகம் மறைந்தது. மூன்றாவதில் திரும்பி வந்தது. குலுக்கல் தோல்வியைத் தடுக்குமா என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான விடை கிடைப்பது கடினம். குலுக்கல் என்பதால் தடுக்கவில்லை, எல்லாருக்கும் சமம் என்பதால்தான் தடுத்தது.

25 சதவீத விதி தன் முழு விளைவையும் காட்ட இருபது ஆண்டு ஆனது. 2013-ல் பிலடெல்ஃபியா 76ர்ஸ் அணியின் பொறுப்புக்கு சாம் ஹிங்கி வந்தார். அவர் மறைத்து எதையும் செய்யவில்லை. அரைகுறையாக இருப்பதைவிட அடிமட்டத்துக்குப் போவதே மேல் என்று கணக்குப் போட்டுச் செய்தார். வந்த வேகத்தில் அணியின் சிறந்த வீரர் ஜூரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிவிட்டு, முழங்கால் அடிபட்டு அந்த சீசன் ஆட முடியாத நெர்லென்ஸ் நோயலை வாங்கினார். மறு ஆண்டு டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்த ஜோயல் எம்பீட் பாத எலும்பு முறிவோடு வந்தார், இரண்டு சீசன் ஆடவில்லை. இன்னொருவர் துருக்கியில் ஒப்பந்தத்தில் இருந்தார். இப்படிப்பட்டவர்களை எடுப்பதில் இரட்டை லாபம் உண்டு: நாளைக்கு நல்ல வீரர், இன்றைக்குத் தோல்வி.

வேடிக்கை என்னவென்றால் 2013-14 சீசனின் முதல் ஆட்டத்தில் அந்த அணி நடப்புச் சாம்பியன் மயாமியைத் தோற்கடித்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தது. வீரர்களுக்குத் தோற்கத் தெரியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டேங்கிங் என்றால் களத்தில் பந்தை வேண்டுமென்று தவறவிடுவது என்று நினைத்துவிடக் கூடாது. அது சூதாட்டக்காரர்களின் வேலை, அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. டேங்கிங் செய்வது நிர்வாகம். ஒப்பந்தம் முடியப்போகும் 24 வயது வீரர் அடுத்த ஆண்டு வேலை கிடைக்க உயிரைக் கொடுத்து ஆடுவார், ஏனென்றால் டிராஃப்டில் வரப்போகும் புதியவர் இவருடைய இடத்தைத்தான் பிடிப்பார். அவரைச் சுற்றி யாரை நிறுத்துவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது என்பதில்தான் தோல்வி தயாராகிறது. அந்த அணியின் முதல் மூன்று வெற்றிக்குப் பிறகு, சீசனின் நடுவில் ஒரே மூச்சாக 26 தோல்வி வந்தது.

மூன்று சீசனில் 47 வெற்றி, 199 தோல்வி. கடைசி சீசனில் 82 ஆட்டத்தில் பத்தே வெற்றி. 2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு விலகினார். அடுத்த மாதமே குலுக்கலில் அந்த அணிக்கு முதல் இடம் கிடைத்தது, பென் சிம்மன்ஸ் வந்தார். அவர் 2022-ல் வேறு அணிக்குப் போய்விட்டார். எம்பீட் 2023-ல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் ஆனார். ஆனால் இத்தனை தோல்விக்குப் பிறகும் அந்த அணி 2025 வரை அரையிறுதிக்குச் சமமான மாநாட்டு இறுதியைத் தொட்டதில்லை. தோற்றுக் கிடைத்த வாய்ப்பையும் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும், தேர்ந்தெடுத்தவர் உடம்பும் ஒத்துழைக்க வேண்டும்.

மற்ற அணி முதலாளிகள் இந்தக் காட்சியைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. 2014-லேயே விதியை மாற்ற வாக்கெடுப்பு நடந்தது. முப்பதில் 23 ஓட்டு வேண்டும், கிடைத்தது 17. நாளைக்கு நமக்கும் கெட்டகாலம் வரலாம் என்று சிறு நகர அணிகள் தயங்கின. 2017-ல் அதே யோசனை 28 ஓட்டோடு நிறைவேறியது. 2019 குலுக்கலிலிருந்து அமலுக்கு வந்தது.

இப்போது குலுக்கல் நடக்கும் அறைக்குள் எட்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் வருவது உறை பிரிக்கும் நாடகம் மட்டும்தான். நிஜமான குலுக்கல் அதற்குச் சற்று முன்பு மூடிய அறையில் முடிந்துவிடும். அணிகளின் பிரதிநிதிகளும் சில பத்திரிகையாளர்களும் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போவார்கள், ஒளிபரப்பு முடியும்வரை வெளியே வர முடியாது. கண்ணாடி எந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பிங்பாங் பந்துகள் காற்றில் துள்ளும். நான்கு பந்துகள் வெளியே எடுக்கப்படும். 14-லிருந்து நான்கை எடுக்க 1,001 வழிகள் உண்டு. ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதி ஆயிரம் எண்தொகுப்புகளை 14 அணிகளுக்கும் முன்கூட்டியே பங்கிட்டு அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். வந்த நான்கு எண் யார் பட்டியலில் இருக்கிறதோ அவருக்கு முதல் இடம். பந்துகளைத் திரும்பப் போட்டு இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களுக்கும் இதேபோல் எடுப்பார்கள். ஐந்தாம் இடத்திலிருந்து பழையபடி தோல்வி வரிசை.

பழைய விதியில் ஆயிரம் தொகுப்பில் கடைசி அணிக்கு 250, அதற்கு மேலிருந்த அணிக்கு 199, அதற்கும் மேலிருந்ததற்கு 156. புதிய விதியில் அந்த மூவருக்கும் ஆளுக்கு 140. பழைய விதியில் கடைசி அணி எவ்வளவு துரதிர்ஷ்டமானாலும் நான்காம் இடத்துக்குக் கீழே போகாது. புதிய விதியில் ஐந்தாம் இடத்துக்கு விழ 47.9 சதவீத வாய்ப்பு, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இந்த மாற்றம் தோற்பவரின் மடியில் எவ்வளவு கைவைத்தது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். முதல் இடத்துக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம், இரண்டாவதற்கு 75, மூன்றாவதற்கு 60, பிறகு 50, 45, 40. இது கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட அளவு, ஆனால் ஏணியின் வடிவம் ஏறத்தாழ இப்படித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் உள்ள வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால், பழைய விதியில் கடைசி அணியின் எதிர்பார்ப்பு சுமார் 70, அதற்கு அடுத்த அணிக்கு சுமார் 66. புதிய விதியில் அதே இருவருக்கும் 59, 58. கடைசியிலும் கடைசியாக வருவதற்கு முன்பு நான்கு மதிப்பெண் கூலி, இப்போது ஒன்று. பிலடெல்ஃபியா மாதிரி பத்து வெற்றி வரைக்கும் போக இப்போது காரணம் இல்லை. அந்த மட்டுக்கும் சீர்திருத்தம் வேலை செய்தது.

ஆனால் பள்ளத்தை ஓரிடத்தில் நிரப்ப வேண்டுமானால் மண்ணை வேறோர் இடத்தில் தோண்டத்தான் வேண்டும். கீழே மூவரிடமிருந்து எடுத்த வாய்ப்பை நடுவில் நிற்பவர்களுக்குக் கொடுத்தார்கள். கீழிருந்து எட்டாவது அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 2.8 சதவீதத்திலிருந்து 6 ஆனது. ஒன்பதாவதற்கு 1.7-லிருந்து 4.5. முன்பு நடுத்தர அணிக்கு லாட்டரி என்பது வெறும் ஆறுதல் பரிசு. இப்போது ஏழாவதாக இருப்பதா, ஒன்பதாவதாக இருப்பதா என்பதில் பொருள் இருக்கிறது. டேங்கிங் ஒழியவில்லை, மாடி மாறியிருக்கிறது.

அது எப்படி இருக்கும் என்பதை 2023 ஏப்ரல் 7-ம் தேதி டல்லஸ் அரங்கில் பார்த்தார்கள். டல்லஸ் மாவெரிக்ஸுக்கு இன்னும் இரண்டே ஆட்டங்கள். இரண்டையும் ஜெயித்து, இன்னோர் அணி சறுக்கினால் கூடுதல் சுற்றுக்குப் போகலாம். கணக்குப்படி உயிர் இருந்தது. ஆனால் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் இடத்தை டல்லஸ் முன்பே ஒரு வீரர் பரிமாற்றத்தில் நியூயார்க்குக்கு எழுதிக் கொடுத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: முதல் பத்துக்குள் வந்தால் கொடுக்க வேண்டாம். தோற்றால் கீழிருந்து பத்தாவது, சுமார் 80 சதவீதம் இடம் கையில் நிற்கும். ஜெயித்தால் நியூயார்க்குக்குப் போகும்.

எதிரணி சிகாகோ. கைரி இர்விங் உட்பட முக்கிய வீரர்கள் பலர் காயம், ஓய்வு என்று பட்டியலில் ஏறினார்கள். அணியின் உயிர்நாடியான லூகா டான்சிச் ஸ்லோவேனியக்காரர், அன்று அரங்கில் ஸ்லோவேனிய நாள் கொண்டாட்டம் வேறு. அவர் முதல் கால்பகுதி ஆடினார், இரண்டாவது தொடங்கியதும் வெளியே போனார், பிறகு வரவேயில்லை. இடைவேளையில் முன்னிலையில் இருந்த டல்லஸ் கடைசியில் 115-112 என்று மூன்றே புள்ளியில் தோற்றது. மாற்று ஆட்டக்காரர்கள் எவ்வளவு முயன்றிருக்கிறார்கள் என்பது அந்த மூன்று புள்ளியில் தெரிகிறது.

லீக் விசாரித்து ஏழரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. டல்லஸ் பத்தாவது இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அதை இரண்டு இடம் இறக்கிப் பரிமாறி, டெரிக் லைவ்லி என்ற உயரமான இளைஞரை வாங்கியது. மறு ஆண்டே அவர் முக்கியப் பங்கு வகிக்க, அணி இறுதிப் போட்டிவரை போனது. நான்கு ஆண்டுக்குக் குறைந்த சம்பளத்தில் அப்படி ஒருவர் கிடைக்க ஏழரை லட்சம் விலை என்றால் எந்த முதலாளியும் காசோலையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். இங்கே குலுக்கல் எதையும் தடுக்கவில்லை, ஏனென்றால் ஆசை முதல் இடத்தின் மேல் இல்லை. நிபந்தனை எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில்தான் எல்லாம் இருந்தது. கோடு எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் ஆள் நிற்பார்கள்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, எல்லாமே ஏதோ ஓர் ஓட்டையோடு. 2013-ல் பாஸ்டன் அணி நிர்வாகி மைக் ஜாரன் சக்கரம் ஒன்றை முன்வைத்தார். முப்பது அணிகளும் முப்பது ஆண்டில் ஒவ்வோர் இடத்தையும் ஒருமுறை பெறும், வெற்றி தோல்விக்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. டேங்கிங் அடியோடு போகும், ஆனால் சாம்பியனுக்கே முதல் இடம் விழும் ஆண்டும் வரும். ஆடம் கோல்ட் என்பவரின் யோசனை இன்னும் சாமர்த்தியமானது. பிளே ஆஃப் வாய்ப்பு போன கணத்திலிருந்து ஓர் அணி பெறும் வெற்றிகளை எண்ணு, அதிகம் ஜெயித்தவருக்கு முதல் இடம். மோசமான அணி சீக்கிரமே வெளியேறிவிடும், ஆகவே சேர்க்க அதற்கு அதிக ஆட்டம் மீதி இருக்கும். வட அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் 2024-ல் இதையே கையாண்டது. சீசனின் கடைசி வாரத்திலும் அடிமட்ட அணிகள் ஜெயிக்கவே ஆடின. நிர்வாகம் சீசன் தொடக்கத்திலேயே தோற்று, சீக்கிரம் வெளியேறி, பிறகு ஜெயிக்கப் பார்த்தால் என்ன செய்வது என்பதே அதன் ஓட்டை. ஆனால் அக்டோபரில் ஒரு சீசனைக் கைவிட ஏப்ரலில் கைவிடுவதைவிடத் துணிச்சல் அதிகம் வேண்டும். இருக்கும் யோசனைகளில் இதுவே தேவலை என்று சொல்லலாம்.

என்.பி.ஏ. அந்தப் பக்கம் போகாமல் அபராதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆரோக்கியமான நட்சத்திரங்களைக் காரணமில்லாமல் உட்கார வைக்கக் கூடாது என்று 2023-ல் விதி வந்தது. 2025 மார்ச்சில் யூட்டா அணிக்கு லாரி மார்க்கனனை ஆட வைக்காததற்காக ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அந்த சீசனை யூட்டா 17 வெற்றி, 65 தோல்வியோடு கடைசி இடத்தில் முடித்தது. அந்த ஆண்டு எல்லாரும் காத்திருந்தது கூப்பர் ஃபிளாக் என்ற பதினெட்டு வயது இளைஞருக்கு.

2025 மே மாதக் குலுக்கலில் முதல் இடம் டல்லஸுக்கு விழுந்தது. 39 ஆட்டம் ஜெயித்த அணி, 1.8 சதவீத வாய்ப்பு. மூன்று மாதம் முன்புதான் அவர்கள் டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்து சொந்த ரசிகர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த உறைக் கதை புதுப்பொலிவோடு திரும்பி வந்தது. யூட்டா ஐந்தாம் இடத்துக்குப் போனது. 2023-லும் 2024-லும் கடைசியில் வந்த டெட்ராய்ட்டுக்கும் இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாம் இடமே.

பழைய விதியின் கடைசி நான்கு குலுக்கல்களில், 2015 முதல் 2018 வரை, நான்கு முறையும் முதல் இடம் மிக மோசமாக ஆடிய அணியின் கணக்கிலேயே விழுந்தது. புதிய விதி வந்த 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்களில் கடைசி அணிக்கு ஒருமுறைகூட முதல் இடம் கிடைக்கவில்லை.